ஊருக்குப் போறப்ப பால் நிறுத்தச் சொன்ன கதை

போன வருஷம் இல்ல அதுக்கு முந்தின வருஷம், 2024 மே மாசம், கத்திரி வெயில் உச்சத்துல இருந்தப்ப நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்கு திருநெல்வேலி கிளம்பினோம். மே 17 வெள்ளிக்கிழமை ராத்திரி தாம்பரத்துல நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறணும், 27 திங்கட்கிழமை காலைல திரும்பி வந்து இறங்கணும். கேஸ் மூடுறது, மோட்டார் ஸ்விட்ச், செடிக்குத் தண்ணி, கிச்சன் சிங்க் ஓட்டைல துணி அடைக்கிறது வரைக்கும் லிஸ்ட் போட்டு டிக் அடிச்ச ஆளு நான். அந்த லிஸ்ட்ல ஒரு வரி, "பால், பேப்பர், காய் சொல்லணும்"னு இருந்துச்சு, அதையும் டிக் அடிச்சேன். சொன்னேன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நான் சொன்னது ஒண்ணு, அவங்க புரிஞ்சுக்கிட்டது இன்னொண்ணு, கடைசில ஆறு நாள் பால் மாடிப்படில ஒழுகி கீழ் வீடு வரைக்கும் நாறுச்சு. யாராவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருந்தா இவ்ளோ அவமானம் வந்திருக்காதேன்னு இப்பவும் தோணும், அதான் எழுதுறேன்.

நாங்க இருக்கிறது மடிப்பாக்கத்துல, நாலு வீடு இருக்கிற சின்ன அபார்ட்மென்ட், வாட்ச்மேன் எல்லாம் கிடையாது. தினமும் ரெண்டு அரை லிட்டர் பாக்கெட், மாடி கிரில் கேட்ல ஒரு மஞ்சப்பை மாட்டி வச்சிருப்போம், காலைல அஞ்சு மணிக்குள்ள ஒரு பையன் டிவிஎஸ் எக்ஸ்எல்ல வந்து போட்டுட்டுப் போயிடுவான். மாசம் அஞ்சாந்தேதி பக்கம் காசு வாங்க வர்றது வேற ஆளு, அவருதான் லைனோட ஓனர், நாங்க அண்ணேன்னு கூப்பிடுவோம். இங்கதான் என் முதல் தப்பு. புதன்கிழமை கோலம் போட கீழ இறங்கினப்ப அந்தப் பையன் எதிர்ல வந்தான், நானும் சரியா மாட்டினான்னு நினைச்சு, "தம்பி, வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறோம், பால் வேணாம்"னு சொன்னேன். அவன் வண்டியை ஆஃப் பண்ணக்கூட இல்ல, "சரிக்கா"ன்னு தலையாட்டிட்டுப் போயிட்டான். எனக்கு மனசுல வேலை முடிஞ்சிருச்சு.

வெள்ளிக்கிழமை காலைல எழுந்து பாத்தா பைல பால் இல்ல. ராத்திரிதான் ட்ரெயின், அன்னைக்கு முழுக்க வீட்ல இருக்கோம், மாமியாருக்கு அஞ்சரைக்கு காபி இல்லன்னா தலைவலி வந்துரும். முணுமுணுத்துட்டே கடைக்கு ஓடி கூலிங் சார்ஜ் பாக்கெட்டுக்கு ரெண்டு ரூபா சேர்த்துக் கொடுத்து வாங்கிட்டு வந்தேன். ஆனா அப்ப என் மண்டைல என்ன ஓடுச்சு தெரியுமா, "பரவால்ல, ஒரு நாள் முன்னாடியே நிறுத்திட்டான், ஆக மொத்தம் சொன்னது மண்டைல ஏறிருக்கு"ன்னு சந்தோஷப்பட்டேன். நடந்தது நேர் எதிர். "வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறோம் பால் வேணாம்"னா அவனுக்கு வெள்ளிக்கிழமை பால் வேணாம், அவ்ளோதான். சனிக்கிழமைலேர்ந்து வழக்கம்போல ரெண்டு ரெண்டா போட ஆரம்பிச்சுட்டான். அவன் மேல தப்பே சொல்ல முடியாது, நான் சொன்ன வாக்கியத்துல வேற எந்தக் கிழமையும் இல்லையே.

அப்புறம் ரொம்ப யோசிச்சதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். நாம பயணத் தேதியைச் சொல்றோம், அவங்களுக்கு வேண்டியது பால் தேதி. ரெண்டும் ஒண்ணு இல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புறவனுக்கு வெள்ளிக்கிழமை காலைப் பால் வேணும். வெள்ளிக்கிழமை விடியக்காலை நாலு மணிக்கு கார்ல கிளம்புறவனுக்கு வேண்டாம். ரெண்டு பேரும் வாயைத் திறந்தா ஒரே மாதிரிதான் சொல்லுவோம், "வெள்ளிக்கிழமை போறோம்". திரும்பி வர்றப்பவும் அதே கதை, காலை ஏழு மணிக்கு வீடு வந்து சேர்றவனுக்கு அன்னைக்குப் பால் வேணும், ராத்திரி வர்றவனுக்கு மறுநாள்தான். பால்காரருக்கு நம்ம ட்ரெயின் டைமா தெரியும்? அதனால எப்ப போறோம், எதுக்குப் போறோம், மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காரு இதெல்லாம் தேவையே இல்ல. கடைசிப் பால் எந்தக் காலை, திரும்ப முதல் பால் எந்தக் காலை, இந்த ரெண்டு தேதி போதும்.

சரி, பேப்பர். எங்க வீட்ல ரெண்டு பேப்பர், தமிழ் பேப்பர் மாசக் காசு, இங்கிலீஷ் பேப்பர் ஒரு வருஷத்துக்கு முன்பணம் கட்டின சந்தா. ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்ல "18லேர்ந்து 27 வரைக்கும் பேப்பர் நிறுத்துங்க"ன்னு போட்டேன். அவர் பொறுப்பான மனுஷன், "27 திங்கள் காலைல பேப்பர் போடணுமா வேண்டாமா"ன்னு திருப்பிக் கேட்டாரு. அப்ப எனக்கு எரிச்சலா இருந்துச்சு, 27 வரைக்கும்னு தெளிவாத்தானே எழுதிருக்கேன்னு. இப்ப நினைச்சா, மூணு பேர்ல சரியான கேள்வி கேட்டது அவர் ஒருத்தர்தான். "வரைக்கும்"னா அந்த நாள் உள்ளயா வெளியவான்னு நமக்கே தெரியாது, சில பேருக்கு 27ம் வேண்டாம்னு அர்த்தம், சில பேருக்கு 27லேர்ந்து போடுன்னு அர்த்தம். "போடுங்க"ன்னு பதில் போட்டேன். ஆனா அவரும் நானும் ஒரு விஷயத்தை விட்டுட்டோம். நான் பேப்பர்னு பொதுவா எழுதினதை அவர் மாசக் கணக்குல வர்ற தமிழ் பேப்பர்னு எடுத்துக்கிட்டாரு. சந்தா பேப்பர் ஏற்கனவே காசு கட்டினது, நிறுத்தினாலும் எங்களுக்கு ஒரு ரூபா திரும்ப வராது, அதனால அதை எதுக்கு நிறுத்தணும்னு அவர் கணக்கு. தினமும் அது மட்டும் வந்து கிரில்லுக்கு வெளிய விழுந்துட்டே இருந்துச்சு.

காசு போகாதது நிம்மதியா? இல்லவே இல்ல. பூட்டின வீட்டு வாசல்ல பேப்பர் குவிஞ்சு கிடந்தா ரோட்ல போறவனுக்கும் தெரியும் உள்ள ஆள் இல்லன்னு. லீவு நாள்ல வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் போறவங்க லோக்கல் ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போங்கன்னு சென்னை போலீஸ் வருஷா வருஷம் சொல்றாங்க, நாங்க அதையும் செய்யல. சந்தா பேப்பர்னா "நிறுத்துங்க"ன்னு சொல்றதை விட "எடுத்து வச்சிருங்க, வந்து மொத்தமா வாங்கிக்கிறேன்"னு பேர் சொல்லிக் கேட்கணும். எங்க ஏஜென்ட் அதுக்கு ஒத்துக்கிட்டாரு, அடுத்த தடவைலேர்ந்து அப்படித்தான் செய்றாரு. பேப்பர் கட்டு மொத்தமா வந்தா யாரு படிக்கிறாங்கன்னு கேட்காதீங்க, பழைய பேப்பர் கடைக்காவது ஆகுது.

காய்கறிதான் எனக்கு ரொம்ப கடுப்பு, ஏன்னா அதுல பழி போட ஆளே கிடையாது. ஒரு ஆப்ல வாராவாரம் சனிக்கிழமை ஒரு பெட்டி வரும், 349 ரூபா, வாலட்லேர்ந்து தானா கழிஞ்சிரும். ஆப்தானே, ரெண்டு நிமிஷ வேலை, ட்ரெயின்ல உட்கார்ந்து பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன். செங்கல்பட்டு தாண்டி, பசங்களுக்கு புளிசாதம் பிரிச்சுக் கொடுத்து, பெர்த் போட்டு, போனை எடுத்தப்ப மணி பத்து நாப்பது. டெலிவரியை நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டனை அழுத்தினா "பாஸ் செய்யப்பட்டது"ன்னு பச்சைல வந்துச்சு, தூங்கிட்டேன். மறுநாள் காலைல எட்டு மணிக்கு மெசேஜ், உங்கள் பெட்டி டெலிவரி ஆயிடுச்சு, கதவு பக்கத்துல வச்ச போட்டோ வேற. அடுத்த நாள் ஆர்டர் எல்லாம் முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு லாக் ஆயிடுமாம், என் பாஸ் அடுத்த சனிக்கிழமைலேர்ந்துதான் வேலை செஞ்சுது. கஸ்டமர் கேர்ல பேசினேன், விதி அப்படின்னாங்க, காசு வரல. அன்னைலேர்ந்து ஒரு பழக்கம் வச்சிருக்கேன். பாஸ் பண்ணிட்டு அந்தப் பச்சை மெசேஜை நம்பாம, "அடுத்த டெலிவரி" காட்டுற பக்கத்துக்குப் போய் அங்க எந்தத் தேதி நிக்குதுன்னு பாத்துடுவேன். அங்க நாளைன்னு இருந்தா நாளைக்கு வரும், நாம என்ன அழுத்தினாலும் வரும். முடிவுத் தேதின்னு நாம போடுற நாள் லீவுல சேருதா, இல்ல அன்னைக்கே டெலிவரி ஆரம்பிக்குதான்னும் அந்தப் பக்கம்தான் சொல்லும், ஆப்புக்கு ஆப்பு மாறுது.

போட்டோ பாத்தப்பவாவது நான் சுதாரிச்சிருக்கணும். அந்தப் போட்டோல பெட்டிக்கு மேல மஞ்சப்பை தொங்குது, பை தட்டையா இல்ல, உப்பலா இருக்கு. நான் தக்காளியைப் பாத்துப் புலம்பினேனே தவிர பையைப் பாக்கல. வீட்டுக்காரர் அப்புறம் ஜூம் பண்ணிக் காட்டினாரு, பாக்கெட் மூலை கூட தெரியுது.

23ந்தேதி வியாழக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு கீழ் வீட்டு மாமி போன். கல்யாண வீட்ல மேளச் சத்தம், பாதி கேக்கல. "ஏம்மா, நீங்க ஊர்ல இல்லையா? மாடியில யாரோ செத்த எலியப் போட்ட மாதிரி நாத்தம், என் பேரன் படில வழுக்கி விழப் பாத்தான்". மாமி மேல போய் பாத்துட்டு வீடியோ கால் பண்ணாங்க. அந்தக் காட்சி இன்னும் கண்ணுல இருக்கு. பை கீழ இழுத்துட்டு தொங்குது, அடில மஞ்சளா ஈரம், மேல இருந்த பாக்கெட்டுங்க ரெண்டும் அன்னைக்கு வந்தது, நல்லா இருந்துச்சு. அதுக்குக் கீழ இருந்ததெல்லாம் காத்தடிச்ச பலூன் மாதிரி உப்பி, ரெண்டு மூணு தையல் விட்டுப் போய், திரிஞ்ச தண்ணி சொட்டு சொட்டா படிக்கட்டுல எறங்கிருக்கு. அது மேல எறும்பு ரெண்டு வரிசையா போய் வந்துட்டு இருக்கு. பக்கத்துல பெட்டில முட்டைகோஸ் மட்டும் உருப்படியா இருந்துச்சு, தக்காளி கூழாகி அட்டை வழியா ஊறிப் போச்சு. ஓரமா ஆறு இங்கிலீஷ் பேப்பர் வரிசையா கிடக்கு. மாமி சொன்னது ஒண்ணுதான், "ஆள் இல்லைன்னு போர்டு எழுதி மாட்டின மாதிரி இருக்குடி".

அறுபத்தஞ்சு வயசுல அந்தம்மா மூக்கைத் துணியால கட்டிட்டு பன்னெண்டு பாக்கெட்டையும் எடுத்துக் கொட்டி, பினாயில் ஊத்திக் கழுவி விட்டாங்க. ஒரு மணி நேரம் ஆச்சாம். நான் திருநெல்வேலில பட்டுப்புடவை கட்டிட்டு உட்கார்ந்திருக்கேன். காசை விட அதுதான் உறுத்துச்சு. திரும்பி வர்றப்ப அல்வா ஒரு கிலோ வாங்கிட்டுப் போய் கொடுத்தேன், அவங்களுக்கு சுகர்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

உடனே ஓனர் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அவன் என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா, வெள்ளிக்கிழமை ஒரு நாள் வேணாம்னு மட்டும்தான் சொன்னான்"னாரு. நாளைலேர்ந்து நிறுத்திடறேன், வந்ததும் சொல்லுங்கன்னாரு. நானும் பதட்டத்துல "சரிண்ணே, வந்து சொல்றேன்"னு வச்சிட்டேன். இது என்னோட ரெண்டாவது தப்பு, பாதி பேர் இதைத்தான் பண்றோம்னு நினைக்கிறேன். 27 காலைல ஏழு மணிக்கு, ராத்திரி முழுக்க ட்ரெயின்ல தூங்காம, பசங்களோட வீடு வந்தா பை காலி. வந்துட்டோம்னு எட்டு மணிக்கு சொன்னா பால் 28ந்தேதிதான் வரும். ஏன்னா பால் எங்கயோ ஸ்டாக் வச்சிருந்து எடுத்துக் கொடுக்கிற சரக்கு இல்ல, அது எனக்கு அப்பதான் தெரியும்.

ஜூன் 5ந்தேதி கணக்குத் தீர்க்க வந்தப்ப அண்ணனே உட்கார்ந்து விளக்கினாரு. அவர் லைன்ல எழுபது எண்பது வீடு. தினமும் மதியத்துக்குள்ள மறுநாளைக்கு எத்தனை பாக்கெட்னு அவருக்கு மேல இருக்கிற ஏஜென்ட்கிட்ட சொல்லணும். ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு வண்டி வந்து ரோட்டோரத்துல டப்பு டப்பா இறக்கிட்டுப் போகும், ஒரு டப்புல 24 அரை லிட்டர் பாக்கெட். எறக்கினப்புறம் அது அவர் சரக்கு, திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. அதனால மதியம் பன்னெண்டுக்குள்ள சொன்னா அவருக்கு ஒரு நஷ்டமும் இல்ல, எண்ணிக்கைல ரெண்டு குறைச்சிடுவாரு. ராத்திரி ஒன்பது மணிக்கு "நாளைக்கு வேணாம்ணே"ன்னு சொன்னா அந்த ரெண்டு பாக்கெட்டை டீக்கடைல தள்ளப் பாப்பாரு, தள்ள முடியலன்னா அவர் கைக்காசு. நாம நினைக்கிறோம் காலைல அஞ்சு மணிக்குத்தானே வருது, ராத்திரி சொன்னா போதாதான்னு. பேப்பருக்கும் இதே மாதிரி ஒரு நேரம் இருக்கு, எங்க ஏஜென்ட் ஒரு நாள் முன்னாடி சாயந்திரத்துக்குள்ள கேக்குறாரு. நம்ம ஆளுக்கு எது கடைசி நேரம்னு ஒரு தடவை கேட்டு வச்சுக்கிட்டா ஆயுசுக்கும் உதவும்.

கணக்குக்கு வர்றேன். மே மாசம் 31 நாள்ல பால் வராதது 17, அப்புறம் 24லேர்ந்து 27, ஆக அஞ்சு நாள். மீதி 26 நாள், நாளுக்கு 60 ரூபா, 1560. போடுற கூலி 50 சேர்த்து 1610. அவர் நோட்ல 18லேர்ந்து 23 வரைக்கும் டிக் இருக்கு, அவர் பக்கம் பால் வந்திருக்கு, ஏஜென்ட்டுக்குக் காசு கட்டிருக்காரு. என் பக்கம் ஒரு சொட்டு குடிக்கல. அந்த ஆறு நாள் காசு 360. வீட்டுக்காரர் "தர வேண்டாம், சொன்னோம்ல"ன்னாரு. எனக்கு மனசு ஒப்பல, நான் சொன்ன லட்சணம் எனக்குத் தெரியும். அண்ணனும் "பையன் என்கிட்ட கேட்டிருக்கணும்மா, பைல பழைய பால் இருக்கிறப்பவே போன் பண்ணிருக்கணும்"னு அவர் பங்கை ஒத்துக்கிட்டாரு. ஆளுக்குப் பாதி, 180 கழிச்சு 1430 கொடுத்தேன். காய்ப் பெட்டி 349ம் சேர்த்தா மொத்த நஷ்டம் 529. பெரிய காசு இல்லதான். ஆனா அந்தப் படிக்கட்டு நாத்தம் போக ஒரு வாரம் ஆச்சு, மூணாவது வீட்டுக்காரங்க இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க.

அன்னைக்கு அவர் நோட்டைத் திறந்தப்ப இன்னொண்ணு பாத்தேன். என் பேரே அதுல இல்ல. "3வது குறுக்கு, பச்சை கேட், மாடி"ன்னு எழுதிருக்காரு. நான் வாட்ஸ்அப்ல என் பேரையும் ஃப்ளாட் நம்பரையும் போட்டு அனுப்பிருந்தா அவர் யாருன்னு தேடிட்டு இருந்திருப்பாரு. எண்பது வீட்ல எத்தனை பேர் புது நம்பர், எத்தனை பேர் புருஷன் போன்லேர்ந்து அனுப்புவாங்க. அதனால அவர் நம்ம வீட்டை என்ன பேர்ல வச்சிருக்காரோ அந்தப் பேர்லயே ஆரம்பிக்கணும். இது சின்ன விஷயம்தான், எனக்கு மட்டும் இதுதான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி இருந்துச்சு.

அடுத்த பயணம் 2025 பொங்கலுக்கு. ஜனவரி 11 சனிக்கிழமை ராத்திரி கிளம்பி 19 ஞாயித்துக்கிழமை காலைல வர்றோம். வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கே ஓனருக்கு, பையனுக்கு இல்ல, ஓனருக்கு இதை அனுப்பினேன்:

"அண்ணே, 3வது குறுக்கு பச்சை கேட் மாடி வீடு. ஜனவரி 11 சனிக்கிழமை காலைல பால் வேணும், அதுதான் கடைசி. 12 ஞாயிறு, 13, 14, 15, 16, 17, 18 சனி, மொத்தம் 7 நாள் பால் வேண்டாம். 19 ஞாயித்துக்கிழமை காலைலேர்ந்து பழையபடி 2 பாக்கெட் போடுங்க. புரிஞ்சுதுன்னா கடைசி நாள் எது, திரும்ப எந்த நாள்னு எனக்கு எழுதுங்க."

பாக்கறதுக்கு ஸ்கூல் லீவ் லெட்டர் மாதிரி இருக்கும், பரவால்ல. தேதியோட கிழமையும் போட்டதுக்குக் காரணம், பாதி பேர் தேதில வாழ்றாங்க, பாதி பேர் கிழமைல வாழ்றாங்க, ரெண்டும் ஒத்துப் போகலன்னா யாராவது ஒருத்தர் கேட்பாங்க. 7 நாள்னு எண்ணிக்கை போட்டது எனக்காகவே, முதல்ல எழுதினப்ப நான் 8ன்னு எண்ணிட்டேன், விரல் விட்டு எண்ணினப்பதான் தப்பு தெரிஞ்சுது. கடைசி வரி கொஞ்சம் திமிரா தெரியுதுன்னு வீட்டுக்காரர் சொன்னாரு. ஆனா ரெண்டு ப்ளூ டிக்கும் ஒரு தம்ஸ் அப்பும் வந்தா அவர் படிச்சாருன்னுதான் அர்த்தம், புரிஞ்சுதுன்னு இல்ல. அண்ணன் பதில், "11 சனி கடைசி 19 ஞாயிறு 2". அவ்ளோதான், அந்த ஒரு வரி போதும். வாய்ஸ் மெசேஜ் மட்டும் வேண்டாம், அவர் காலைல நாலு மணிக்கு ரோட்ல பாக்கெட் எண்ணிட்டு இருக்கிறப்ப எதையும் திருப்பிப் போட்டுக் கேக்க மாட்டாரு, எழுத்துன்னா தேடி எடுத்துக்கலாம்.

அதோட சனிக்கிழமை பால் எடுத்ததும் மஞ்சப்பையைக் கழட்டி உள்ள வச்சுட்டேன். ஒருவேளை பையன் மறந்து மாடி ஏறினாலும் பை இல்லாதது அவனை நிறுத்தும், கீழ இறங்கி அண்ணனுக்குப் போன் பண்ணுவான். சில பேர் பையிலயே சீட்டு எழுதி வைப்பாங்க, "18 வரை பால் வேண்டாம்"னு. தயவு செஞ்சு அது மட்டும் செய்யாதீங்க, அந்தச் சீட்டைப் பால்காரன் மட்டுமா படிக்கிறான்.

பொங்கல் முடிஞ்சு 18ந்தேதி காலைல சின்னவனுக்குக் காய்ச்சல். டிக்கெட்டை மாத்தி 21 செவ்வாய்க்கிழமை காலைல வர்றதா ஆச்சு. ஏற்கனவே 19னு சொல்லி வச்சிருக்கோம், இப்ப வெறுமனே "ரெண்டு நாள் லேட்டாகும்ணே"ன்னு சொன்னா மறுபடியும் அதே குழப்பம். பதினோரு மணிக்கு அனுப்பினேன், "பச்சை கேட் மாடி. முன்னாடி 19 ஞாயிறு போடச் சொன்னேன், அதை விட்ருங்க. 19, 20 ரெண்டு நாளும் வேண்டாம். 21 செவ்வாய்க்கிழமை காலைலேர்ந்து 2 பாக்கெட்". பழைய தேதியை ரத்து பண்றேன்னு எழுதலன்னா அவர் நோட்ல ரெண்டு தேதியும் இருக்கும். பை உள்ள இருக்கே, 21 காலைல எதுல போடுவான்னு அப்பதான் உறைச்சுது, கீழ் வீட்டு மாமிகிட்ட சொல்லி அவங்க பையிலயே போடச் சொன்னேன். அதுவும் நல்லதுக்குத்தான், ட்ரெயின் ரெண்டு மணி நேரம் லேட், மாமி எடுத்து அவங்க ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டாங்க. ஜனவரி குளிர்ல ஏழெட்டு மணி வரைக்கும் பைல பால் தாங்கும், மே மாசமா இருந்தா திரும்பி வர்ற நாள் பாலை நான் தைரியமா சொல்ல மாட்டேன், மறுநாள்லேர்ந்து போடச் சொல்லிட்டு அன்னைக்கு கடைல வாங்கிக்குவேன்.

பிப்ரவரி அஞ்சாந்தேதி அண்ணன் வர்றதுக்கு முன்னாடியே காலண்டர்ல கட்டம் கட்டமா பெருக்கல் போட்டு வச்சிருந்தேன், ஒன்பது நாள் பால் வரல, மீதி 22 நாள், 1320, கூலியோட 1370. அவர் நோட்ல அதே 1370. பேச்சே இல்ல, காபி குடிச்சிட்டுப் போயிட்டாரு.

ஆனா ஒருத்தரை ரெண்டு தடவையும் விட்டுட்டேன். செவ்வாய், வெள்ளி காலைல தலைல கூடையோட வர்ற கீரைக்காரம்மா. அவங்ககிட்ட ஆர்டர்னு ஒண்ணும் கிடையாது, மாசக் கணக்கு கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது, அதனால என் லிஸ்ட்லயே வரல. பொங்கல் முடிஞ்சு வந்த வெள்ளிக்கிழமை கீழ இறங்கிப் போனா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காங்க. "மூணு நாள் உங்களுக்குன்னு முருங்கைக்கீரை எடுத்து வச்சு மாடி ஏறி மாடி எறங்கினேன், பத்து ரூபா கீரைதானேன்னு நினைச்சீங்களா, சொல்லிட்டுப் போகக் கூடாதா". முழங்கால் வலின்னு போன மாசம்தான் என்கிட்ட சொன்னவங்க. மூணு கட்டுக்கும் முப்பது ரூபா நீட்டினேன், வாங்கல. அன்னைக்கு எடுத்த சிறுகீரைக்குப் பத்து ரூபா மட்டும் எடுத்துக்கிட்டு, "அடுத்து எப்ப ஊருக்குப் போறீங்க"ன்னு கேட்டுட்டு கூடையைத் தூக்கி விடச் சொன்னாங்க.